ஒரே கடை, பல ரீல்ஸ்: எழுத்துருவும் நிறமும் லோகோவும் மாறிப்போனால் எங்கே தேடுவது

மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். கடைக்காரரின் மகன் ஐபோனில் படம் பிடிக்கிறார். கல்லாவில் இருக்கும் பெண் தம் ஆண்ட்ராய்டு போனில் அதை வெட்டி ஒட்டி, விலையையும் லோகோவையும் போட்டு ரீல்ஸ் ஆக்குகிறார். பொங்கல், தீபாவளி விளம்பரங்களை மட்டும் வெளியில் ஓர் எடிட்டர் கணினியில் செய்து தருகிறார். சில மாதங்கள் கழித்துக் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்தால், ஒரு படத்தில் எழுத்து தடித்தும் அடுத்ததில் மெலிந்தும் இருக்கிறது. பச்சை மூன்று வகையாகத் தெரிகிறது. லோகோ ஒன்றில் மேலேயும் ஒன்றில் பாதி மறைந்தும் நிற்கிறது.

இவ்வகைப் பழுதுகள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் நுழைகின்றன. புதிய வீடியோ செய்யும்போது மூலக் கோப்பிலிருந்து தொடங்காமல், போன வாரத்து வீடியோவைப் பிரதியெடுத்து அதன் மேல் மாற்றுகிறார்கள். அதில் ஏற்கெனவே இருந்த சிறு விலகல் அடுத்ததற்கும் போகிறது, அங்கே இன்னொன்று சேர்கிறது. எனவே கெட்டுப்போன வீடியோவைக் கண்ணளவில் நேராக்குவதால் பயனில்லை. விலகல் எங்கிருந்து வந்தது என்று பார்த்து அந்த இடத்தில் சரிசெய்ய வேண்டும். கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும், எளிதில் சரியாகும் காரணத்தில் தொடங்கிச் செலவு வைக்கும் காரணம்வரை வரிசையாகத் தந்திருக்கிறேன்.

## தேடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

எது சரி என்று எழுதிவைக்காமல் எது தவறு என்று சொல்ல முடியாது. இந்தக் கடைக்கு நாம் எழுதிக்கொள்ளும் குறிப்பு ஐந்தாறு வரிகளுக்கு மேல் போகாது. தலைப்புக்கு `Baloo Thambi 2`, மற்ற எழுத்துகளுக்கு `Mukta Malar`, பச்சை `#1F6B3A`, வெளிர்மஞ்சள் `#FFF4DC`, வீடியோவின் சட்டம் 1080×1920 பிக்சல், லோகோவின் அகலம் 200 பிக்சல், அதன் இடது மேல்மூலை இடப்பக்கத்திலிருந்து 80, மேலிருந்து 290 பிக்சல். இந்த இரண்டு எழுத்துருக்களும் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைப்பவை, வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லாதவை.

அடுத்து, சரியாக வந்த ஒரு வீடியோவையும் தவறாக வந்தவற்றையும் கணினியில் வி.எல்.சி.யில் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு காட்சியை `Video > Take Snapshot` மூலம் படமாக எடுத்து அருகருகே வையுங்கள். இன்ஸ்டாகிராமில் ஏற்றியபின் எடுத்த ஸ்கிரீன்ஷாட் இதற்கு உதவாது. ஏற்றும்போது அந்தத் தளம் வீடியோவை மறுபடி சுருக்குகிறது. போன் திரையும் தன் பங்குக்கு நிறத்தை மாற்றிக் காட்டும். ஏற்றுவதற்கு முந்தைய கோப்பையே பாருங்கள்.

## அறிகுறி: தமிழ் எழுத்தின் வடிவம் வீடியோவுக்கு வீடியோ மாறுகிறது

### தேர்ந்த எழுத்துருவில் தமிழே இல்லை

மிக அதிகமாக அகப்படும் காரணம் இதுதான். செயலியின் பட்டியலில் `Poppins` அல்லது `Montserrat` என்று ஏதோ ஒன்றைத் தேர்ந்து தமிழில் தட்டச்சு செய்கிறார்கள். எழுத்தும் திரையில் வந்துவிடுகிறது. ஆனால் அந்த எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. ஆகவே அந்தக் கருவி தன்னிடம் உள்ள பொதுவான தமிழ் எழுத்துருவை இட்டு நிரப்புகிறது. அது ஆண்ட்ராய்டில் ஒன்று, ஐபோனில் வேறொன்று, விண்டோஸில் இன்னொன்று. கல்லாவில் இருப்பவரும் வெளி எடிட்டரும் ஒரே பெயரைத்தான் தேர்ந்தார்கள் என்றாலும் இரண்டு வடிவம் வருவது இதனால்தான்.

சோதனை எளிது. “அ” என்ற ஓர் எழுத்தை மட்டும் தட்டச்சு செய்து, அதை மூன்று நான்கு எழுத்துருக்களுக்கு மாற்றிப் பாருங்கள். பெயர் மாறியும் “அ”வின் வடிவம் மாறவில்லையென்றால், நீங்கள் பார்ப்பது அந்த எழுத்துரு அன்று. கருவியின் இட்டு நிரப்பல். குறிப்பில் உள்ள எழுத்துருவின் கோப்பை மூன்று கருவிகளிலும் ஏற்றிவிட்டால் இது தீர்ந்துவிடும். வி.என்., இன்ஷாட் போன்ற போன் செயலிகள் வெளியிலிருந்து எழுத்துருக் கோப்பை ஏற்க இடம் தருகின்றன. கேன்வாவில் சொந்த எழுத்துருவை ஏற்றுவது கட்டணத் திட்டத்தில்தான் கிடைக்கும். கட்டவில்லையென்றால் அங்கே ஏற்கெனவே உள்ள தமிழ் எழுத்துருக்களில் ஒன்றைக் கடையின் எழுத்துருவாக வைத்துக்கொள்வதே மேல்.

சோதனை வரியில் ₹ குறியையும் ஓர் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் ₹ சேர்ந்தது 2010ஆம் ஆண்டில்தான். பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அது இல்லை. எழுத்து சரியாக வந்து, விலைக்கு முன்னால் உள்ள குறி மட்டும் வேறு கனத்தில் நின்றால் காரணம் அதுவே.

### பெயர் ஒன்று, கனம் வேறு

எழுத்துரு சரிதான், தடிமன் மட்டும் மாறுகிறது என்றால் எந்தக் கோப்பு ஏற்றப்பட்டது என்று பாருங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் இறக்கும் தொகுப்பில் பெரும்பாலும் எல்லாக் கனங்களையும் ஒன்றாக அடக்கிய ஒரு கோப்பும், `static` என்ற அடைவில் ஒவ்வொரு கனத்துக்கும் தனிக் கோப்பும் இருக்கும். முதல் வகைக் கோப்பைப் போன் செயலிகள் பல முழுதாகப் படிப்பதில்லை. அதில் உள்ள ஏதோ ஒரு கனத்தை மட்டுமே காட்டும். எனவே மூவரும் `static` அடைவிலிருந்து குறிப்பிட்ட ஒரே கோப்பை, எடுத்துக்காட்டாக `BalooThambi2-Bold.ttf` என்பதை, ஏற்ற வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. மெலிந்த கோப்பை மட்டும் ஏற்றிவிட்டுச் செயலியில் உள்ள `B` பொத்தானை அழுத்தினால், செயலி எழுத்தின் விளிம்பைத் தானே தடிக்க வைக்கும். “ண”, “ணை” ஆகியவற்றின் சுழிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுழிக்குள் இருக்க வேண்டிய வெற்றிடம் அடைபட்டிருந்தால் அது செயற்கைத் தடிமன். எண்ணெய்க் கடைக்கு “ண” தவிர்க்க முடியாத எழுத்து என்பதால் இங்கே இது சீக்கிரமே கண்ணில் படும்.

## அறிகுறி: எழுத்து உடைகிறது, கொம்பு இடம் மாறுகிறது

இதற்கு நல்ல சோதனை வரி கடையின் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது: “செக்கு எண்ணெய்”. இதில் ஒற்றைக் கொம்பு இரண்டு முறை வருகிறது. கொம்பு “ச”வுக்கும் “ண”வுக்கும் பின்னால் போய் நின்றாலோ, புள்ளி எழுத்தைவிட்டு விலகி நின்றாலோ, என்ன நடந்தது என்பதை உடைந்த விதத்தைக் கொண்டே சொல்லிவிடலாம்.

### அசையும்போது மட்டும் உடைகிறது

நின்ற நிலையில் சரியாக இருந்து, ஒவ்வோர் எழுத்தாக வந்து விழும் அசைவில் மட்டும் கொம்பும் புள்ளியும் தனித்தனியே பறந்து வந்தால் எழுத்துருவில் குற்றமில்லை. அந்த அசைவு ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. தமிழில் எழுத்தையும் அதன் குறியையும் பிரித்துவிடுகிறது. எழுத்து எழுத்தாக வரும் அசைவை விட்டுவிட்டுச் சொல் சொல்லாகவோ வரி வரியாகவோ வருவதைத் தேர்ந்தால் போதும். எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியைக் கூட்டும் அமைப்பும் இதே தொல்லையைத் தரும். “கா”வின் காலைப் பிரித்துத் தள்ளி நிறுத்தும். தமிழுக்கு அதைச் சுழியத்திலேயே வைத்திருங்கள்.

### கணினியில் மட்டும் உடைகிறது

போனில் சரியாக வருவது வெளி எடிட்டரின் அடோபி பிரீமியரில் உடைகிறது என்றால், அந்த மென்பொருள் எழுத்துகளை ஐரோப்பிய முறையில் அடுக்கிக்கொண்டிருக்கிறது. `Preferences > Graphics` பகுதியில் எழுத்து அடுக்கும் முறையை `South Asian and Middle Eastern` என்று மாற்றச் சொல்லுங்கள். பதிப்புக்கேற்ப இடமும் சொல்லும் சற்று மாறியிருக்கலாம். மாற்றிய பின்னும் பழைய எழுத்து அடுக்கு அப்படியே உடைந்து நிற்குமானால் அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்து பார்க்க வேண்டும். “மாத்திட்டேன், ஆனா சரியாகலை” என்று எடிட்டர் சொல்லும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

### எழுத்துக்குப் பதில் ஆங்கிலக் கிறுக்கல்

“செக்கு” இருக்க வேண்டிய இடத்தில் `nrf;F` என்று தெரிந்தால் அது யூனிகோடு அல்ல; பாமினி எழுத்துருவுக்காகத் தட்டச்சு செய்தது. அச்சகத்தில் நோட்டீஸ் அடித்த கோப்பிலிருந்து விலைப்பட்டியலை எடுத்து ஒட்டும்போது இது வரும். பாமினியை எல்லாக் கருவிகளிலும் ஏற்றி இதைச் சமாளிக்கலாம் என்று தோன்றும்; செய்யாதீர்கள். ஒரு கருவியில் விடுபட்டாலும் வாடிக்கையாளர் கிறுக்கலைத்தான் பார்ப்பார். எழுத்துமாற்றியில் இட்டு யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பழைய எழுத்துருவில் செய்த அசையும் டெம்ப்ளேட் ஒன்றுக்குக் கடைக்காரர் ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், அதை யூனிகோடில் மறுபடி கட்டுவது அதைச் செய்தவருடைய வேலை. போனில் வைத்து ஒட்டுப்போட முடியாது.

## அறிகுறி: கடையின் பச்சை ஒவ்வொன்றிலும் வேறு

நிறத்தில்தான் கண் அதிகம் ஏமாற்றும். எனவே எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். வி.எல்.சி.யில் எடுத்த படத்தை ஜிம்ப் அல்லது உலாவியிலேயே இயங்கும் ஃபோட்டோபியாவில் திறந்து, நிறம் உறிஞ்சும் கருவியால் பச்சைப் பட்டையைத் தொடுங்கள். `#1F6B3A` என்பது சிவப்பு 31, பச்சை 107, நீலம் 58. வீடியோ சுருக்கத்தில் ஒவ்வோர் எண்ணும் மூன்று நான்கு கூடிக் குறைவது இயல்பு. பத்துக்கு மேல் விலகியிருந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

எண் சரியாக இருந்தும் நிறம் வேறாகத் தெரிகிறது என்றால் வீடியோவில் பழுதில்லை. பார்க்கும் போனில் இரவு ஒளி அமைப்போ நிறத்தைத் தூக்கிக் காட்டும் திரை அமைப்போ இயங்கிக்கொண்டிருக்கலாம். அல்லது பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெயின் பொன்னிறமே பச்சையைக் கறுக்கக் காட்டலாம். அதற்காக எண்ணை மாற்றத் தொடங்கினால் அன்றைக்கு மாறிய பச்சை அடுத்த எல்லா வீடியோக்களிலும் தொடரும்.

### பட்டை முழு அடர்த்தியில் இல்லை

பச்சைப் பட்டைக்குப் பின்னால் காட்சி மெலிதாகத் தெரியட்டும் என்று அடர்த்தியை 80 விழுக்காடாகக் குறைத்திருப்பார்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் அந்தப் பட்டை `#4C8961` ஆகும். இருட்டான செக்குக் கொட்டகைக்கு முன்னால் `#19562E` ஆகும். முதலாவதில் சிவப்பின் அளவு 76, இரண்டாவதில் 25. ஒரே அமைப்பில், யாரும் எதையும் தொடாமல் வந்த இரண்டு பச்சைகள் இவை. அளந்த எண் காட்சிக்குக் காட்சி மாறி, ஒரே வீடியோவுக்குள்ளும் ஏறி இறங்கினால் இதையே சந்தேகியுங்கள். கடையின் நிறம் தெரிய வேண்டிய பட்டையின் அடர்த்தி 100 ஆகவே இருக்கட்டும். காட்சி தெரிய வேண்டுமென்றால் பட்டையின் உயரத்தைக் குறையுங்கள்.

### வடிகட்டி எல்லாவற்றின் மேலும் விழுந்திருக்கிறது

எண்ணெய் பளபளக்கட்டும் என்று போட்ட நிற வடிகட்டி, காட்சிக்கு மட்டும் போகாமல் பட்டை, எழுத்து, லோகோ என எல்லாவற்றின் மேலும் விழுவது அடுத்த காரணம். லோகோவில் உள்ள வெள்ளையை அளந்து பாருங்கள். வெள்ளையே மஞ்சளாகவோ நீலமாகவோ சாய்ந்திருந்தால் வடிகட்டிதான். சில செயலிகளில் வடிகட்டியைத் தனிக் காட்சிக்கு மட்டும் போடவும் முடியும், முழு வீடியோவுக்கும் போடவும் முடியும். முதல் வழியைத் தேர்ந்தால் போதும். கணினியில் வேலை செய்பவர் நிறத்திருத்த அடுக்கை லோகோவுக்கும் எழுத்துக்கும் கீழே இறக்கிவைக்க வேண்டும்.

### ஐபோன் காட்சி எச்.டி.ஆரில் பதிவாகியிருக்கிறது

இந்தக் கடையில் மிகவும் அலைக்கழித்திருக்கக்கூடியது இதுதான். ஏனென்றால் பழுது படம் பிடித்தவரிடம் இருக்க, தெரிவது வேறொருவரின் போனில். ஐபோன் 12 முதல் வந்த போன்கள் வீடியோவை எச்.டி.ஆரில், அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் வழக்கத்தைவிட விரிந்த அளவில் பதியும் முறையில், பதிவு செய்யக்கூடியவை. அப்படிப் பதிவான காட்சியை எடிட் செய்து வெளியே எடுக்கும்போது, சில செயலிகள் முழு வீடியோவையும் எச்.டி.ஆராகவே எழுதிவிடுகின்றன. அதை ஐபோனில் பார்த்தால் எண்ணெயின் பளபளப்பு கண்ணைப் பறிக்கும். அதன் பக்கத்தில் வெள்ளை எழுத்து சாம்பல்போல மங்கி நிற்கும். விலை குறைந்த ஆண்ட்ராய்டில் பார்த்தால் மொத்தப் படமும் வெளுத்து, பச்சை சாயம் போனதாகத் தெரியலாம். ஒரே கோப்பு இரண்டு போன்களில் இவ்வளவு வேறுபட்டால் இங்கேதான் தேட வேண்டும்.

கணினியில் எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச வீடியோக் கருவியை நிறுவியிருந்தால் ஐயத்துக்கு இடமின்றிச் சோதிக்கலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=width,height,color_transfer -of default=nw=1 reel.mp4
```

விடையில் `bt709` என்று வந்தால் சாதாரண வீடியோ. `arib-std-b67` அல்லது `smpte2084` என்று வந்தால் எச்.டி.ஆர். கணினி இல்லாதவர்கள் ஐபோனின் புகைப்படச் செயலியில் அந்த வீடியோவைத் திறந்து, அதன் விவரத்தில் `HDR` அல்லது `Dolby Vision` என்று இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இனி எடுப்பவற்றுக்கு ஐபோனில் `Settings > Camera > Record Video` சென்று `HDR Video` என்பதை அணைத்துவிட்டால் செலவே இல்லை. ஏற்கெனவே எடுத்தவற்றுக்கு, வெளியே எடுக்கும் திரையில் எச்.டி.ஆர். தேர்வு இருந்தால் அதை அணைத்துப் பாருங்கள். அதன் பிறகும் நிறம் வெளுத்தே வந்தால் அந்தச் செயலி காட்சியைச் சரியாக மாற்றவில்லை என்று பொருள்; அப்போது நிறத் திருத்தம் தெரிந்த எடிட்டரிடம் மூலக் காட்சியைக் கொடுத்து, டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளில் சாதாரண வீடியோவாக மாற்றித் தரச் சொல்லுங்கள். வெளுத்த படத்தின் மேல் வண்ணத்தைக் கூட்டி ஈடுகட்டப் பார்த்தால், தோலின் நிறமும் எண்ணெயின் நிறமும் சேர்ந்து கெடும்.

### நிறம் சரி, விளிம்பு மட்டும் கரைகிறது

பச்சைப் பட்டையின் மேல் சிவப்பில் எழுதிய மெல்லிய விலை எழுத்து அருகில் பார்த்தால் அழிந்தாற்போல் இருக்கும். போனில் ஓடும் வீடியோக்கள் பெரும்பாலும் ஒளியின் விவரத்தை முழுதாகவும், நிறத்தின் விவரத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகவும் சேமிப்பதே காரணம். வீடியோவின் தரத்தைக் கூட்டி இதை முழுதாகத் தீர்க்க முடியாது. பச்சையின் மேல் வெளிர்மஞ்சளில் எழுதினால் ஒளி வேறுபாடே விளிம்பைக் காப்பாற்றிவிடும்.

## அறிகுறி: லோகோ இடம் மாறுகிறது, சிறுத்துப் பெருக்கிறது

### இரண்டு லோகோக் கோப்புகள் சுற்றுகின்றன

ஒருவரிடம் உள்ள லோகோப் படம் 1000 பிக்சல் அகலம். அதில் சின்னத்தின் இருபுறமும் 100 பிக்சல் வெற்றிடம். இன்னொருவர் அந்த வெற்றிடத்தை வெட்டிய கோப்பை வைத்திருக்கிறார். இருவரும் செயலியில் ஒரே அளவுக்குத்தான் இழுக்கிறார்கள். ஆனால் முதல் கோப்பில் சின்னம் படத்தின் அகலத்தில் 80 விழுக்காடு, இரண்டாவதில் முழு அகலம். ஆகவே இரண்டாவது கால்பங்கு பெரிதாக வந்துவிடும், ஓரத்திலிருந்து உள்ள தூரமும் மாறும். இரு கோப்புகளையும் திறந்து அகலம், உயரம் பார்த்தாலே தெரிந்துவிடும். சரியான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாப் போன்களிலிருந்தும் அழித்துவிட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும் பழைய பிரதியையும் மறக்க வேண்டாம்; அவசரத்தில் எல்லோரும் எடுப்பது அதைத்தான்.

### கையால் இழுத்து வைக்கிறார்கள்

கோப்பு ஒன்றே என்றாலும் விரலால் இழுத்து வைக்கும் வரை இடம் மாறிக்கொண்டுதான் இருக்கும். எனக்குத் தெரிந்து இதற்கு உறுதியான தீர்வு ஒன்றே ஒன்று. லோகோவைத் தனிப் படமாகக் கொடுக்காமல், 1080×1920 அளவில் பின்னணி இல்லாத ஒரு முழுச் சட்டத்தை பி.என்.ஜி. கோப்பாகச் செய்து, அதில் லோகோவை 80, 290 என்ற இடத்தில் 200 பிக்சல் அகலத்தில் வைத்துவிடுங்கள். மாறாத பச்சைப் பட்டையையும் கடையின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அதிலேயே சேர்த்துவிடலாம். வீடியோ செய்பவர் அந்தச் சட்டத்தை மேலடுக்காகப் போட்டுத் திரை முழுதும் நிரப்ப வேண்டும். வேறு எதையும் தொட வேண்டியதில்லை. கடையின் பெயர் இப்போது படமாகிவிட்டதால் எழுத்துரு மாறவும் வழியில்லை. தட்டச்சு செய்ய மிஞ்சுவது அந்த வாரத்துச் செய்தியும் விலையும் மட்டுமே. இந்தச் சட்டத்தை ஜிம்பிலோ ஃபோட்டோபியாவிலோ செலவின்றிச் செய்யலாம்.

வீடியோவை 720×1280 அளவில் வெளியே எடுத்தாலும் விகிதம் ஒன்றே என்பதால் சட்டம் சேர்ந்தே சுருங்கும். தொடங்கும்போதே செயலியில் 4:5 அல்லது 1:1 தேர்ந்துவிட்டால்தான் சட்டம் பொருந்தாது. அந்த அளவும் கடைக்குத் தேவையென்றால் அதற்குத் தனிச் சட்டம் செய்யுங்கள். காட்சியைப் பெரிதாக்கும் அசைவு சட்டத்தின் மேலும் விழுகிறதா என்பதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

### எடிட் செய்யும்போது தெரிகிறது, ஏற்றிய பின் மறைகிறது

இப்போது இடம் சரி, ஆனால் இன்ஸ்டாகிராமின் பொத்தான்களும் தலைப்பு வரிகளும் மேலே வந்து மறைக்கின்றன. ரீல்ஸ் விளம்பரங்களுக்கு மெட்டா தரும் அறிவுரை, மேலே 14, கீழே 35, இருபுறமும் 6 விழுக்காடு இடத்தில் முக்கியமான எதையும் வைக்க வேண்டாம் என்பது. 1080×1920 சட்டத்தில் அது மேலே 269, கீழே 672, பக்கங்களில் 65 பிக்சல். லோகோவுக்கு 290 என்றும் 80 என்றும் நாம் எண் கொடுத்தது இதற்காகவே. விலை வரி மேலிருந்து 1248ஆவது பிக்சலுக்குள் முடிந்துவிட வேண்டும். பச்சைப் பட்டையும் தொலைபேசி எண்ணும் அதற்கு மேலேயே நிற்கட்டும். சாதாரண ரீல்ஸில் கீழே இவ்வளவு இடம் மறைவதில்லைதான். ஆனாலும் பண்டிகைக்கு முன் ஏதாவது ஒரு ரீலைப் பணம் கட்டி விளம்பரமாக்கக் கடைக்காரர் நினைப்பார். எதை என்று முன்கூட்டித் தெரியாததால் எல்லாவற்றுக்கும் ஒரே எல்லையை வைத்துவிடுவது நல்லது.

பக்கத்தைத் திறந்ததும் வரும் கட்டங்களில் மட்டும் லோகோ வெட்டுப்பட்டால், அது வேறு எல்லை. 2025 தொடக்கத்தில் இன்ஸ்டாகிராம் அந்தக் கட்டங்களைச் சதுரத்திலிருந்து 3:4 ஆக மாற்றியது. நம் சட்டத்தில் மேலும் கீழும் 240 பிக்சல் அங்கே வெட்டுப்படும். 290இல் தொடங்கும் லோகோ தப்பிவிடும். சதுரக் கட்டம் இருந்த காலத்தில் நடுவில் நெருக்கி வைத்த பழைய முகப்புப் படங்கள் மட்டும் தனித்துத் தெரியும். அவற்றின் முகப்பை மாற்றினால் போதும், வீடியோவைத் தொட வேண்டாம்.

## அறிகுறி: லோகோவைச் சுற்றி வெள்ளைப் பெட்டி

கோப்பு வாட்ஸ்அப்பில் படமாக வந்திருக்கிறது. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும். ஜேபெக்கில் பின்னணியற்ற நிலை கிடையாது. மூலக் கோப்பை `Document` என்ற வழியில் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கூகுள் டிரைவில் வைத்து இணைப்பைப் பகிருங்கள். மேலே சொன்ன சட்டத்துக்கும் இதே விதிதான்.

மூலக் கோப்பே ஜேபெக்தான், பெயர்ப்பலகையைப் படம் பிடித்து எடுத்த லோகோதான் என்றால், பின்னணியை அழிக்கும் செயலிகளில் பொழுதைப் போக்க வேண்டாம். விளிம்பில் வெள்ளைத் துகள்கள் எஞ்சும், பச்சையும் ஒளிக்கேற்றபடி எதுவாகவோ இருக்கும். வடிவமைப்பாளரிடம் கொடுத்து மறுபடி வரையச் சொல்லுங்கள். எஸ்.வி.ஜி. அல்லது பி.டி.எஃப். வடிவில் மூலமும், வெளிர் பின்னணிக்கு ஒன்றும் இருண்ட பின்னணிக்கு ஒன்றுமாக இரண்டு பி.என்.ஜி. கோப்புகளும், பயன்படுத்திய நிறங்களின் எண்களும் கையில் வந்த பிறகே பணத்தைத் தீர்த்துக் கொடுங்கள்.

## ஏற்கெனவே குவிந்துவிட்ட வீடியோக்கள்

இன்ஸ்டாகிராமில் ஏறிய வீடியோவின் காட்சியை மாற்ற முடியாது. நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் விருப்பங்களும் கருத்துகளும் போய்விடும். எனவே நன்றாக ஓடியவற்றை அப்படியே விட்டுவிட்டு முகப்புப் படத்தை மட்டும் ஒழுங்கு செய்வதே என் பரிந்துரை. ஏற்றாமல் கையில் இருப்பவற்றில், லோகோ போடாத சுத்தமான பிரதி இருந்தால் மட்டும் புதிய சட்டத்தை எஃப்.எஃப்.எம்பெக்கில் இப்படிப் போடலாம்:

```
ffmpeg -i clean.mp4 -i frame.png -filter_complex "[1:v]scale=out_color_matrix=bt709:out_range=tv,format=yuva420p[f];[0:v][f]overlay=0:0" -c:a copy out.mp4
```

`clean.mp4` 1080×1920 அளவில், `bt709` ஆக இருக்க வேண்டும். மேலே தந்த சோதனைக் கட்டளை இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடும். அளவு வேறாக இருந்தால் சட்டம் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ளும் அல்லது வெளியே வழியும்.

சுத்தமான பிரதி இல்லை, பழைய லோகோ காட்சியோடு கலந்துவிட்டது என்றால் அதை மறைக்கப் பட்டை ஒட்டுவதில் அர்த்தமில்லை. எடிட்டரிடம் மூலத் திட்டக் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மாற்றித் தருவது அவருக்குச் சிறு வேலை. இல்லையென்றால் அந்த வீடியோவைக் கைவிட்டு, காட்சியைப் புதிதாக எடுப்பதே குறைந்த செலவில் முடியும். இனி வேலை கொடுக்கும்போது, முடிந்த வீடியோவுடன் லோகோவும் எழுத்தும் இல்லாத பிரதி ஒன்றையும் சேர்த்துத் தர வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.